லட்டு தாங்குகிறது, பொங்கல் தாங்குவதில்லை: கோடையில் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கோயில் பிரசாதம் எத்தனை மணி நேரம் நல்ல நிலையில் இருக்கும்?

கோடை விடுமுறையில் தொலைதூரக் கோயில்களுக்குச் சென்று திரும்புவோரின் பைகளில் இரண்டு வகைப் பிரசாதங்கள் இருப்பது வழக்கம். ஒன்று, அட்டைப் பெட்டியிலோ காகித உறையிலோ வைத்த லட்டு. மற்றொன்று, தொன்னையில் வாங்கி, வீட்டில் இருப்பவர்களுக்காக டப்பாவில் எடுத்து வைத்த பொங்கல். இரண்டும் இனிப்பு, இரண்டிலும் நெய் உண்டு, இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. ஆயினும் லட்டு பத்து நாள் கழித்தும் உண்ணத் தக்கதாக இருக்கிறது. பொங்கலோ அன்று மாலைக்குள்ளேயே வயிற்றைக் கெடுக்கும் நிலைக்கு வந்துவிடக்கூடும்.

இந்த வேறுபாட்டைப் பலரும் அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர். ஆனால் பொங்கல் கெட்டுவிட்டதா என்பதை முகர்ந்து பார்த்தும், மீண்டும் சூடுபடுத்தியும் முடிவு செய்யும் பழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. சாதத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டு சோதனைகளும் பயன் தருவதில்லை. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், எந்தப் பிரசாதத்தைக் கோயில் வாசலிலேயே உண்டுவிட வேண்டும், எதை ஊருக்குக் கொண்டுசெல்லலாம் என்பதை எளிதில் முடிவு செய்யலாம்.

கொதித்தும் சாகாத வித்து

அரிசியில் இயல்பாகவே காணப்படும் ஒரு பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். இது மண்ணில் வாழ்வது. நெல் வயலில் இருந்து அரிசியுடனேயே சமையலறைக்கு வந்து சேர்கிறது. அரிசியைக் கழுவுவதால் இதன் எண்ணிக்கை குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது. சூழல் சாதகமாக இல்லாதபோது இந்த பாக்டீரியா தடித்த உறைக்குள் ஒடுங்கி, வித்தாக மாறிவிடுகிறது. அந்த வித்து உலையில் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். ஆகவே, எவ்வளவு தூய்மையான மடப்பள்ளியாக இருந்தாலும், எவ்வளவு நேரம் குழைய வேகவைத்தாலும், பொங்கலில் சில வித்துகள் எஞ்சியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். இது சமைத்தவரின் குறையன்று.

பொங்கல் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் வரை இந்த வித்துகள் உறங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே சூடு இறங்கியதும் அவை முளைக்கத் தொடங்கும். 30 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. வேறு சொற்களில் சொன்னால், ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பேருந்தின் பயணப்பை வைக்கும் அறையில் நிலவும் வெப்பம் அவற்றுக்கு மிகப் பொருத்தமானது. ஈரம் நிறைந்த, வெந்த மாவுப்பொருள் என்பதால் உணவுக்கும் குறைவில்லை. அத்தகைய சூழலில் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கை இரட்டிப்பாகிறது.

பெருகும்போது இவற்றில் சில வகைகள் சாதத்திலேயே ஒரு நச்சைச் சுரக்கின்றன. சீரியூலைடு எனப்படும் அந்த நச்சு வெப்பத்தைத் தாங்குவதில் அசாதாரணமானது. பிரஷர் குக்கருக்குள் எட்டும் உச்ச வெப்பமான ஏறத்தாழ 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது சிதைவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. வீட்டில் வாணலியில் சிறிது நெய் விட்டுப் பொங்கலைச் சூடாக்கினால், உயிருடன் இருக்கும் பாக்டீரியாக்கள் மடியலாம். அவை விட்டுச் சென்ற நச்சு அப்படியே இருக்கும். சூடுபடுத்திய பொங்கல் புதிதாகச் சமைத்தது போல மணக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இந்த நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததும் சாதத்தின் வழியாகவே. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் பொரித்த சாதம் உண்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி ஏற்பட்டது. முன்கூட்டியே வேகவைத்த சாதத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறையிலேயே குவித்து வைத்திருந்து, கேட்கும்போது பொரித்துக் கொடுத்ததே காரணம் எனத் தெரியவந்தது. கோயிலில் இருந்து எடுத்துவந்த பொங்கலை மாலையில் சூடாக்கி உண்பதும் அடிப்படையில் அதே செயல்தான்.

வெல்லம் இவ்வளவு இருந்தும் ஏன் காப்பதில்லை?

சர்க்கரைப் பொங்கலைக் குறித்துப் பலருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. வெண்பொங்கல் கெடும், வெல்லமும் நெய்யும் சேர்ந்த சர்க்கரைப் பொங்கல் கெடாது என்பது அது. சர்க்கரை உணவைக் காக்கும் என்பது உண்மைதான். ஜாமும் ஊறுகனியும் மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான். ஆனால் சர்க்கரை காப்பது அதன் இனிப்பால் அன்று. நீரைத் தன்னோடு பிணைத்து, பாக்டீரியாவுக்குக் கிடைக்காமல் செய்வதால். எனவே, எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நீருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதே கேள்வி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 கிலோ அரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, 2 கிலோ வெல்லம், அரை கிலோ நெய் என்று தாராளமாகச் செய்யும் சர்க்கரைப் பொங்கல் என்று வைத்துக்கொள்வோம். அரிசியும் பருப்பும் குழைய வேக சுமார் 5 லிட்டர் நீர் தேவைப்படும். ஆவியானது போக 4 லிட்டர் அளவுக்கு நீர் பொங்கலிலேயே தங்கிவிடும். 2 கிலோ வெல்லத்தில் சர்க்கரை 1.7 கிலோ அளவுக்கு இருக்கும். அதாவது, நீரையும் சர்க்கரையையும் மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், நூற்றில் 30 பங்குதான் சர்க்கரை. ஜாமில் அது 65 பங்கை ஒட்டி இருக்கும். நாவுக்குத் திகட்டும் அளவுக்கு இனித்தாலும், பேசில்லஸ் சீரியஸுக்குச் சர்க்கரைப் பொங்கலில் நீருக்குப் பஞ்சமில்லை.

நெய்யும் காவல் நிற்பதில்லை. மேலே படியும் நெய்ப்படலம் காற்றைத் தடுக்கலாம். இந்த பாக்டீரியா காற்று குறைவாக உள்ள இடத்திலும் வளரக்கூடியது. அதுமட்டுமன்றி, அந்தப் படலம் ஒரு போர்வையாகவும் அமைந்து, உள்ளே உள்ள பொங்கல் மெதுவாக ஆறும்படி செய்கிறது. மெதுவாக ஆறுவது என்றால் ஆபத்தான வெப்பநிலையில் நீண்ட நேரம் தங்குவது என்று பொருள்.

இதே அளவுகோலை லட்டுக்கு வைத்துப் பார்க்கலாம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் லட்டு தயாரிப்புக்கு 'திட்டம்' என்ற பெயரில் ஓர் அளவுப் பட்டியல் பின்பற்றப்படுகிறது. 2001-இல் திருத்தப்பட்ட பட்டியலின்படி 5,100 லட்டுகளுக்குக் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ, நெய் 165 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர்திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. மொத்தம் 803 கிலோவில் சரிபாதி சர்க்கரை. நீர் என்று தனியே எதுவும் இல்லை. பாகு காய்ச்சும்போது சேர்க்கும் நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. நெய்யில் பொரியும்போது பூந்தியின் ஈரமும் வெளியேறிவிடுகிறது. எஞ்சும் சிறிதளவு நீரையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. பேசில்லஸ் சீரியஸ் அங்கே முளைக்க வழியில்லை.

நேரம் எப்போது தொடங்குகிறது?

பிரசாதம் கெடும் நேரத்தைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் அது தங்கள் கைக்கு வந்த நேரத்தில் இருந்து தொடங்குகின்றனர். அது தவறு. பொங்கல் அண்டாவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய நேரமே கணக்கின் தொடக்கம். கோயில்களில் பொங்கல் பெரும்பாலும் விடியற்காலையில் சமைக்கப்பட்டு, சன்னிதியில் நிவேதனம் ஆன பிறகே வழங்கப்படுகிறது. வரிசையில் நின்று தொன்னையைப் பெறும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பைப் புதுமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் 40 டிகிரி அளவிலான அந்த வெதுவெதுப்பு, பாக்டீரியா விரைந்து பெருகும் வெப்பம்.

திருப்பதி பக்கம் உள்ள ஒரு கோயிலில் இருந்து சென்னைக்குப் பேருந்தில் திரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் விளக்கத்துக்காக மட்டுமே. காலை 5.30-க்குப் பொங்கல் அடுப்பில் இருந்து இறக்கப்படுகிறது. பெரிய பாத்திரம் என்பதால் 7.30 மணிவாக்கில்தான் சூடு 60 டிகிரிக்குக் கீழே வருகிறது. 9 மணிக்கு நான்கு தொன்னைகள் கிடைக்கின்றன. இரண்டை அங்கேயே உண்டுவிட்டு, மீதி இரண்டையும் வீட்டில் இருக்கும் பாட்டிக்காக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்தி நிரப்பி மூடுகின்றனர். பேருந்து 10.30-க்குக் கிளம்புகிறது. மாலை 3.30-க்கு வீடு. பாட்டி உறங்கி எழுந்து, பக்கத்து வீட்டாருக்கும் சிறிது கொடுத்துவிட்டு, இரவு 7 மணிக்கு உண்கிறார்.

கிராமுக்கு 100 வித்துகளுடன் கணக்கைத் தொடங்குவோம். 7.30-க்குப் பிறகு வித்துகள் முளைத்தெழ ஒரு மணி நேரம் கொடுக்கலாம். 8.30-இல் இருந்து அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பு. பத்து முறை இரட்டித்தால் எண்ணிக்கை ஆயிரம் மடங்காகும். அதற்கு 5 மணி நேரம் போதும். அதாவது மதியம் 1.30-க்கு, பேருந்து இன்னும் நெடுஞ்சாலையில் இருக்கும்போதே, கிராமுக்கு 1 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. நோயை உண்டாக்கிய உணவுகளில் பொதுவாகக் காணப்படும் அளவு அதில் இருந்துதான் தொடங்குகிறது. வீடு வந்து சேரும் 3.30-க்கு 16 லட்சம். இரவு 7 மணிக்கு என்ன நிலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாப் பொங்கலும் இந்தக் கணக்கின்படியே நடக்கும் என்று பொருளல்ல. அரிசியில் வித்துகள் மிகக் குறைவாக இருக்கலாம். வந்த பாக்டீரியா நச்சு சுரக்காத வகையாக இருக்கலாம். மாலை வரை வைத்திருந்து உண்டவர்களில் பெரும்பாலோர்க்கு ஒன்றும் ஆகாமல் போவது அதனால்தான். 'எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு பிறப்பதும் அங்கேதான். ஆனால் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய இயலாது என்பதால், உணவுப் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் மோசமான நிலையை மனத்தில் கொண்டே வகுக்கப்படுகின்றன. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரமே எல்லை என்பது அமெரிக்க வேளாண் துறை மக்களுக்குக் கூறும் விதி. இந்தியக் கோடையில் பெரும்பாலான ஊர்களுக்கு அந்த இரண்டாம் பாதியே பொருந்தும்.

இந்த விதியை அப்படியே பொங்கலுக்குப் பொருத்தினால் முடிவு தெளிவானது. பொங்கல் கோயிலிலேயே, கைக்கு வந்தவுடன் உண்ண வேண்டிய பிரசாதம். வீட்டில் இருப்பவர்களுக்கு என்று எடுத்துச் செல்ல வேண்டுமானால் லட்டை எடுத்துச் செல்வதே முறை.

மூக்கு சொல்வதை நம்பலாமா?

சாதம் நீர் விட்டிருந்தாலோ, நூல் போல இழுத்தாலோ, புளித்த வாடை வீசினாலோ அது கெட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிகுறிகளைத் தருபவை பெரும்பாலும் வேறு நுண்ணுயிர்கள். சீரியூலைடு நச்சுக்கு மணமோ சுவையோ நிறமோ கிடையாது. பொங்கலில் மிளகும் சீரகமும் இஞ்சியும், சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்திருப்பதால் சிறு வாடை மாற்றமும் மறைந்துவிடுகிறது. ஆகவே, வாடை வந்தால் கெட்டது என்று கொள்ளலாம். வாடை வரவில்லை என்பதால் நல்லது என்று கொள்ள இயலாது. அடுப்பில் இருந்து இறக்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ஒன்றே நம்பத் தக்க அளவுகோல்.

நோயின் அறிகுறிகள் இரண்டு வகையில் வருகின்றன. சாதத்தில் முன்பே சுரந்திருந்த நச்சு என்றால், உண்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் தொடர் வாந்தியும் ஏற்படும். பாக்டீரியா குடலுக்குச் சென்று அங்கே வேறொரு நச்சை உண்டாக்கினால், 8 முதல் 16 மணி நேரத்தில் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். பொதுவாக ஒரு நாளில் இது தானாகவே தணிந்துவிடும். பயணக் களைப்பு, வெயில், தண்ணீர் மாற்றம் என்று வேறு காரணங்கள் கைவசம் இருப்பதால் பொங்கலின் மீது ஐயம் எழுவதே அரிது.

சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடலின் நீர் விரைவில் வற்றிவிடும் என்பதே கவலை. ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, சோர்ந்து உறக்க நிலைக்குச் சென்றாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கக்கூடாது. மிக அரிதாக, சீரியூலைடு நச்சு கல்லீரலைக் கடுமையாகத் தாக்கிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

புளியோதரை, தயிர்சாதம், அரவணை

அரிசியில் செய்த எல்லாப் பிரசாதங்களும் பொங்கலைப் போன்றவை அல்ல. புளியோதரை வழிப்பயணத்துக்கு ஏற்ற சோறு என்று காலங்காலமாகக் கருதப்படுவதற்குக் காரணம் புளியின் அமிலம். நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒவ்வொரு பருக்கையிலும் படிந்திருந்தால், பேசில்லஸ் சீரியஸ் வளர இயலாத புளிப்பு சோற்றில் உண்டாகும். ஆந்திரக் கோயில்களில் புளிஹோரா என்று வழங்கும் பிரசாதமும் இதுவே. கையில் வாங்கியதும் அதை ஒரு முறை பார்த்தால் போதும். நிறம் எங்கும் ஒரே சீராக இருந்து, புளிப்பும் உறைப்பாக இருந்தால், காலையில் கலந்தது இரவு வரை தாங்கும். இடையிடையே வெள்ளைச் சோற்றுக் கட்டிகள் தென்பட்டாலோ, புளி பெயரளவுக்கு இருந்தாலோ, அதைப் பொங்கலைப் போலவே கருதி உடனே உண்டுவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் கலந்த சோற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் புளிப்பு பெரும்பாலும் சுவைக்கு மட்டுமே இருக்கும்.

தயிர்சாதம் நடுவில் நிற்கிறது. புளித்த தயிர் நிறையச் சேர்ந்திருந்தால் அமிலமும் நன்மை தரும் நுண்ணுயிர்களும் ஓரளவு காக்கும். ஆனால் கோயில்களில் புளிப்பு தெரியாமல் இருக்கப் பாலை மிகுதியாக விட்டுப் பிசைவது உண்டு. அது புளித்துக் காவல் நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியே ஆபத்தானது. பால் பாயசத்துக்கு அந்தக் காவலும் இல்லை. கேரளக் கோயில்களின் புகழ்பெற்ற பால் பாயசங்கள் எவ்வளவு சுண்டியிருந்தாலும் பொங்கலின் வரிசையிலேயே சேர்க்கத் தக்கவை.

சபரிமலை அரவணை இதற்கெல்லாம் விதிவிலக்கு. அதுவும் அரிசிதான், ஆனால் வெல்லப் பாகும் நெய்யும் அரிசியை விஞ்சி நிற்கும் அளவுக்குச் சேர்த்து, கருமையாகச் சுண்டும் வரை காய்ச்சி, தகர டப்பாவில் காற்றுப் புகாமல் அடைக்கப்படுகிறது. இருமுடியோடு தொலைவில் இருந்து வரும் பக்தர்கள் ஊர் கொண்டுசெல்லத் தக்க நிலை அதற்கு அவ்வாறு கிடைக்கிறது. டப்பா உப்பியிருந்தாலோ, நசுங்கி மடிப்பு விட்டிருந்தாலோ திறக்கவே கூடாது. திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுக்க வேண்டும். கெடாத பிரசாதம் என்பதால் குறையே இல்லாத பிரசாதம் என்று ஆகிவிடாது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. 2023 ஜனவரியில், சேர்க்கப்பட்ட ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக எழுந்த வழக்கில், அரவணை விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பின்னர் ஏலக்காய் சேர்க்காத அரவணை தயாரிக்கப்பட்டது.

பூரி கோயில் வகுத்த இரு பிரிவுகள்

ஒடிசாவில் உள்ள பூரி ஜெகந்நாதர் கோயிலின் மகாபிரசாதத்தைப் பற்றிய குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது இரண்டு சொற்கள் எதிர்ப்படும்: சுகிலா, சங்குடி. உலர்ந்தது, சோறாகச் சமைத்தது என்று சுருக்கமாகத் தமிழில் எழுதிவிடலாம். ஆனால் நுண்ணுயிரியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் வேறுபாட்டை இவ்விரு சொற்களும் தமக்குள் வைத்திருக்கின்றன. காஜா போன்ற உலர் இனிப்புகள் சுகிலா. அவற்றையே யாத்திரிகர்கள் ஊருக்கு எடுத்துச் செல்கின்றனர். சோறு, பருப்பு, கறி ஆகியவை சங்குடி. அவை மண்சட்டிகளில் சமைக்கப்பட்டு, கோயில் வளாகத்தில் உள்ள ஆனந்த பஜாரில் வழங்கப்பட்டு, அங்கேயே உண்ணப்படுகின்றன. ஒரு முறை சமைத்த மண்சட்டியில் மறுமுறை சமைப்பதில்லை என்பதும் அக்கோயிலின் வழக்கம். நுண்துளைகள் உள்ள மண்சட்டியைக் கழுவித் தூய்மை செய்வது கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வழக்கத்தின் பயன் விளங்கும்.

அப்படியானால் பூரியின் சோற்றுப் பிரசாதத்தை ஊருக்குக் கொண்டுபோகவே முடியாதா? முடியும். அதற்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். மகாபிரசாதச் சோற்றை வெயிலில் கல் போலக் காயவைத்து, சிறு துணிப் பைகளில் கட்டிக் கொடுக்கின்றனர். நிர்மால்யம் என்று பெயர். ஒடிசா வீடுகளில் அதைப் பூஜையறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, நாளுக்கு ஒரு பருக்கை என உட்கொள்வோர் உண்டு. இறக்கும் தறுவாயில் இருப்பவரின் வாயில் இடும் வழக்கமும் உண்டு. சட்டியில் மாலை வரைகூட தாங்காத அதே சோறு, நீரை இழந்ததும் தலைமுறை தாண்டிப் பாதுகாக்கும் பொருளாகிவிடுகிறது. வித்துகள் அதிலும் இருக்கக்கூடும். முளைக்க நீர் இல்லை.

எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால்

நடக்க முடியாத முதியவர் வீட்டில் காத்திருக்கிறார், அவருக்கு ஒரு வாயாவது கொடுக்க வேண்டும் என்ற நிலையும் வரும். பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதாக இருந்தால் பெரிய கவலை வேண்டாம், சென்றவுடன் கொடுத்துவிடலாம். அதைவிட நீண்ட பயணம் என்றால் குளிர்ச்சி தேவை. பொங்கலைக் கட்டியாக அழுத்தி வைக்காமல், அகலமான எவர்சில்வர் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு மிகாமல் பரப்ப வேண்டும். கைபடாமல் கரண்டியால் எடுப்பது நல்லது. மூடியைச் சாய்த்து வைத்து ஆவி அடங்கவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூடி, ஐஸ் கட்டிகள் நிறைந்த வெப்பம் தடுக்கும் பையில் மேலும் கீழும் ஐஸ் படும்படி வைக்க வேண்டும். ஐஸ் முழுதும் உருகிவிட்டால் பாதுகாப்பும் முடிந்தது. வீடு சேர்ந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் உண்டுவிட வேண்டும்.

சூடாகவே கொண்டுசெல்லலாம் என்று ஹாட்பேக்கில் வைப்பது இதற்கு மாற்றாகாது. கொதிக்கக் கொதிக்க நிரப்பினால் மட்டுமே அது 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் தாங்கும். கோயிலில் கிடைக்கும் வெதுவெதுப்பான பொங்கலை அதில் வைத்தால், பாக்டீரியா விரும்பும் வெப்பத்தில் அதைப் பத்திரமாகப் பேணுவதாகவே முடியும். மூடிய காருக்குள் வெயிலில் விட்டுச் செல்வதும் அப்படியே.

லட்டுக்கு வேண்டியது குளிர்ச்சியன்று, காற்றோட்டம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய லட்டு வெயிலில் வியர்க்கும். பையின் உட்புறத்தில் திரளும் நீர்த்துளிகள் மீண்டும் லட்டின் மேற்பரப்பில் படிந்து, பூஞ்சை வளர இடம் தரும். காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டில் உலர்ந்த டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் முதல் பதினைந்து நாள் வரை நல்ல நிலையில் இருக்கும். அதற்கு மேல் முதலில் கெடுவது நெய். காறல் வாடை அடிக்கும். பச்சை, வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்பது கூடாது. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் உள்ளே ஓடியிருக்கும்.

பிரசாதத்தைக் குப்பையில் இட மனம் வராததால்தான் பல வீடுகளில் ஐயத்துக்குரிய பொங்கல் உண்ணப்படுகிறது. கால் படாத இடத்தில், மரத்தடியிலோ செடியின் வேரிலோ மண்ணைத் தோண்டிப் புதைத்து மூடிவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. பசுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று மொத்தமாக வைப்பது சரியன்று. வெல்லமும் வெந்த அரிசியும் மிகுதியாகச் சென்றால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

கோயில்களின் பக்கமும் செய்யத் தக்கவை சில உண்டு. வழிபாட்டுத் தலங்களின் உணவுக் கூடங்களைச் சோதித்துச் சான்று அளிக்க 'போக்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் நடத்திவருகிறது; நிவேதனத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லே திட்டத்தின் பெயராகவும் அமைந்துள்ளது. சமையலறைத் தூய்மை, பணியாளர் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. ஆனால் தொன்னை கைமாறிய பிறகு நிகழ்வது எந்தச் சான்றிதழின் எல்லைக்குள்ளும் வராது. பொங்கல் வழங்கும் இடத்தில் 'காலை 5.30-க்குச் சமைத்தது, இங்கேயே உண்ணவும்' என்று ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. அப்படி ஒரு பலகை இல்லாத இடங்களில், வழங்குபவரிடமே எப்போது இறக்கிய பொங்கல் என்று கேட்டுக்கொள்ளலாம்.